கல்யாண வீடியோவில் நாலைந்து விநாடி மட்டும் தெரியும் அப்பாவின் கேமரா: எந்த மாடல்?

கேள்வி: "1988-இல் மயிலாப்பூரில் நடந்த அக்காவின் கல்யாண வீடியோவில் அப்பா கையில் ஒரு கேமரா நாலைந்து விநாடி தெரிகிறது. நிறுத்திப் பார்த்தால் ஒரே கலங்கல். வீட்டில் உள்ள போட்டோ எதிலும் அந்தக் கேமரா இல்லை, ஏனென்றால் எல்லாப் போட்டோவையும் எடுத்தது அதுதான். பெரியப்பா 1975 வாக்கில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது என்கிறார்கள். அம்மா நினைவிலிருந்து வரைந்து கொடுத்த படத்தையும் வீடியோத் துண்டையும் இணைத்திருக்கிறேன். அப்பாவின் மூக்குக்கண்ணாடி மட்டும் பீரோவில் இருக்கிறது. இதை வைத்து என்ன கேமரா என்று சொல்ல முடியுமா? அதே மாடலைத் தேடி வாங்க ஆசை."

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது யாஷிகா எலெக்ட்ரோ 35 வரிசையைச் சேர்ந்த கேமரா என்பதில் எனக்கு ஏறத்தாழச் சந்தேகமில்லை. அந்த வரிசையில் ஜி.எஸ்.என். என்னும் மாடலாக இருக்கலாம் என்று நினைக்கிறேன், ஆனால் அதை உறுதியாகச் சொல்ல உங்கள் வீடியோ போதாது. அண்ணா சாலைக்குப் பின்னால் ஒரு மாடியறையில் முப்பது ஆண்டுகளாகப் பழைய கேமராக்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பவன் நான். வீடியோ நாடாக்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது, பிழைப்புக்காகச் சில ஆண்டுகள் அவற்றைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்தபோது கற்றுக்கொண்டது மட்டுமே. இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதை விவரமாக எழுதுகிறேன், அப்போதுதான் நான் எங்காவது தவறியிருந்தால் நீங்களே கண்டுபிடிக்க முடியும்.

வீடியோவை நிறுத்தும்போது நாம் பார்ப்பது ஒரு போட்டோ அன்று. நம் நாட்டில் அக்காலத்தில் பதிவான வி.எச்.எஸ். நாடாவில் விநாடிக்கு 25 படச் சட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு சட்டமும் இரண்டு அரைப் படங்களின் கலவை: ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு கணத்திலும், இரட்டைப்படைக் கோடுகள் ஐம்பதில் ஒரு விநாடி கழித்தும் பதிவானவை. அந்த இடைவெளியில் அப்பாவின் கை நகர்ந்திருந்தால், நிறுத்திய படத்தில் கேமராவின் ஓரம் சீப்புப் பல் போல வெட்டுப்பட்டுத் தெரியும். நீங்கள் இணைத்த நிலைப்படத்தில் தெரிவது இதுதான். அது கலங்கல் இல்லை, ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இரண்டு படங்கள். இரண்டையும் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் தனியாக ஓரளவு தெளிவாக இருக்கும். கணினியில் இதைச் செய்ய நான் பயன்படுத்தும் கட்டளை இது:

```
ffmpeg -ss 00:41:10 -i kalyanam.mp4 -t 4 -vf "bwdif=mode=send_field,scale=768:576" padam_%03d.png
```

உங்கள் நான்கு விநாடி இதன்மூலம் 200 படங்களாகக் கிடைத்தது. கட்டளை எழுதிப் பழக்கமில்லையென்றால், வி.எல்.சி. செயலியில் வீடியோவை நிறுத்திவிட்டு E விசையை அழுத்தினால் ஒவ்வொரு சட்டமாக நகரும், ஆனால் அரைப் படங்களை இப்படி வசதியாகத் தனித்தனியே எடுக்க முடியாது. இன்னொன்று, நாடாவை மாற்றிக் கொடுத்த கடையிலேயே இந்த அரைப் படங்களைக் கலந்து அழித்திருந்தால் எந்தக் கட்டளையும் அவற்றை மீட்டுத் தராது. உங்கள் கோப்பில் நல்லவேளையாக அவை அப்படியே இருக்கின்றன.

அந்தக் கட்டளையின் இறுதியில் உள்ள 768 என்ற எண் அலங்காரத்துக்கு இல்லை. இப்படிப்பட்ட கோப்பில் ஒரு வரிசைக்கு 720 புள்ளிகள் சேமிக்கப்பட்டிருக்கும், ஆனால் அந்தப் புள்ளிகள் சதுரமானவை அல்ல. அப்படியே அளந்தால் எல்லாப் பொருளும் அகலத்தில் ஏறத்தாழ 6 சதவீதம் ஒடுங்கிவிடும். பழைய பொருள்களை உருவ விகிதத்தை வைத்து அடையாளம் காண முயல்பவர்கள் அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான். இது சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, சட்டத்துக்குள் நேராகப் பார்க்கும் வட்டமான பொருள் ஏதேனும் இருக்கிறதா என்று தேட வேண்டும். உங்கள் வீடியோவில் அப்பாவுக்குப் பின்னால் மண்டபத்துச் சுவர்க் கடிகாரம் இருக்கிறது. திருத்துவதற்கு முன் அதன் அகலம் 45 புள்ளி, உயரம் 48 புள்ளி. திருத்திய பிறகு இரண்டும் 48. இனிமேல் அளந்தால் நம்பலாம்.

அளப்பதற்கு முன் நிறத்தைப் பற்றி ஒரு சொல். கேமரா "தங்க நிறம்" என்று எழுதியிருந்தீர்கள். வி.எச்.எஸ். நாடாவில் வெளிச்ச அளவு பதிவாவதைவிட நிறம் பல மடங்கு பரும்படியாகவே பதிவாகும், அதனால் ஒரு பொருளின் நிறம் பக்கத்துப் பொருளின்மேல் வழிந்துவிடும். அப்பாவின் பக்கத்தில் நிற்பவரின் அரக்கு நிறப் பட்டுப்புடவையிலிருந்து சிவப்பு வழிந்து கேமராவின் பாதியை நனைத்திருப்பது உங்கள் படத்திலேயே தெரிகிறது. போதாததற்கு, லைட் பிடிக்கும் பையனின் ஹாலஜன் விளக்கு எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடும். ஆகவே நிறத்தை ஒதுக்கிவிட்டு, மேல்தட்டு வெளிறியது, நடு உடல் கருத்தது என்ற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டேன். அதாவது வெள்ளி நிற மேல்தட்டும் கருப்புத் தோல் ஒட்டிய உடலும். இதைக்கூட ஒரே சட்டத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கொண்டுவந்த வீடியோவில் முழுக் கருப்பான உடல் என்று நான் அடித்துச் சொல்ல, அவர் அலைந்து திரிந்து அப்படியே ஒன்றை வாங்கினார். பிறகு அவர் வீட்டுப் பரணில் அசல் கேமரா கிடைத்தது, அது வெள்ளி. பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்ததால் வீடியோ கேமரா தன் துளையைச் சுருக்கி, முன்னால் இருந்ததையெல்லாம் இருட்டாக்கியிருந்தது. உங்கள் வீடியோவில் அப்பா பக்கவாட்டில் திரும்பும் ஏழெட்டுப் படங்களிலும் மேல்தட்டு வெளிறியே இருப்பதால் இம்முறை துணிகிறேன்.

கேமராவின் நெற்றியில் உள்ள பெயரைப் படிக்க முடியாதா என்று பின்னர் கேட்டிருந்தீர்கள். முடியாது, இனி எந்தச் செயலி வந்தாலும் முடியாது. வி.எச்.எஸ். நாடாவில் ஒரு முழு வரிசையில் தனித்தனியாகப் பிரிந்து தெரியக்கூடியவை ஏறத்தாழ 320 இடங்கள்தாம், கோப்பில் 720 புள்ளி இருந்தாலும் சரி, 768 ஆக விரித்தாலும் சரி. உங்கள் படத்தில் கேமராவின் மொத்த அகலம் 64 புள்ளி, அதில் பெயர் இருக்கும் இடம் பதினாறு புள்ளிக்கு மேல் போகாது. கணக்குப் போட்டால் பெயர் முழுவதற்கும் ஆறேழு இடங்கள்தாம் மிஞ்சும். ஏழு எழுத்துப் பெயரென்றால் ஓர் எழுத்துக்கு ஒன்று. ஓர் எழுத்தைப் படிக்க அதைப்போல் நாலைந்து மடங்காவது வேண்டும். படத்தைப் பெரிதாக்கிக் கூர்மையாக்கித் தரும் செயலிகள் அந்த இடத்தில் எழுத்துப் போன்ற ஒன்றை வரைந்து தரும், ஆனால் அது நாடாவில் இருந்தது அன்று, செயலி இட்டு நிரப்பியது. உங்கள் உறவினர் அப்படிச் செய்த படத்தைப் பார்த்து "கேனன்" என்று சொன்னாராம். அவர் பார்த்தது பொய்யில்லை, ஆனால் அது உங்கள் அப்பாவின் கேமராவும் இல்லை.

எழுத்து கிடைக்காது என்று ஆனபின் கைகொடுப்பவை அளவும் விகிதமும். 200 படங்களில் கேமரா மிக அகலமாகத் தெரியும் படம்தான் அது நேராக முகம் காட்டும் படம். அந்தப் படத்தில் அகலம் 64 புள்ளி, உயரம் 39 புள்ளி, லென்ஸின் வெளி வளையம் 26 புள்ளி. அதாவது வளையம் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. இவ்வளவு பெரிய லென்ஸ், கழற்ற முடியாத 35 மி.மீ. கேமரா என்றதும் கை தானாகச் சில பெயர்களை நோக்கிப் போகும். ஆனால் விகிதம் மட்டும் போதாது என்பதற்கு உங்கள் கேமராவே நல்ல எடுத்துக்காட்டு. உறவினர் சொன்ன கேனன் கம்பெனியின் கேனோனெட் க்யூ.எல்.17 ஜி-3 ஏறத்தாழ 12 செ.மீ. அகலம், அதன் லென்ஸுக்கு 48 மி.மீ. ஃபில்டர். யாஷிகா எலெக்ட்ரோ 35 ஏறத்தாழ 14 செ.மீ. அகலம், அதற்கு 55 மி.மீ. ஃபில்டர். வகுத்துப் பாருங்கள், இரண்டிலும் ஏறத்தாழ அதே ஐந்தில் இரண்டுதான் வரும். படத்தில் இரண்டும் ஒரே அச்சு போலத்தான் இருக்கும். இரண்டையும் பிரிக்க வேண்டுமென்றால் கேமராவின் உண்மையான அகலம் செ.மீ. கணக்கில் தெரிய வேண்டும்.

அதற்குத்தான் பீரோவில் இருக்கும் மூக்குக்கண்ணாடியைக் கேட்டேன். வீடியோவில் அப்பா அணிந்திருப்பதும் அதே தடித்த கருப்புக் கண்ணாடி என்று நீங்கள் உறுதி செய்தீர்கள், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 13.5 செ.மீ. என்று அளந்தும் சொன்னீர்கள். அப்பா கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கி மோவாய்க்கு நேராகப் பிடித்திருக்கும் படத்தில் முகமும் நேராக இருக்கிறது. அதில் கண்ணாடியின் அகலம் 62 புள்ளி, கேமரா 64. ஆகவே கேமரா 13.9 செ.மீ. என்று வரும். ஆனால் கேமரா முகத்தைவிட அரைச் சாண் அளவுக்குள் முன்னால் இருப்பதால் சற்றுப் பெரிதாகத் தெரியும். வீடியோ எடுத்தவர் மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்றிருப்பார் என்று வைத்தால் அந்த மிகை மூன்று நான்கு சதவீதத்துக்குள் அடங்கும். இரண்டு ஓரங்களையும் கண்ணால் மதிப்பிடுவதில் ஓரிரு புள்ளி பிசகும். எல்லாவற்றையும் கழித்துக் கூட்டிப் பார்த்தாலும் 13 முதல் 14 செ.மீ. வரை என்று சொல்லலாம். எப்படி இழுத்தாலும் 12-க்கு வராது. ஆக, கேனோனெட் விலகிவிட்டது. எலெக்ட்ரோ வரிசையிலேயே பின்னால் வந்த ஜி.எக்ஸ். போன்ற சிறிய உருவங்களும் இதே காரணத்தால் விலகுகின்றன.

யாஷிகாவின் எம்.ஜி.-1 என்ற மாடலும் பார்வைக்கு எலெக்ட்ரோவின் தம்பி போலவே இருக்கும், அதனால் அதையும் பார்க்க வேண்டியிருந்தது. அதன் லென்ஸ் 45 மி.மீ. எஃப் 2.8, எலெக்ட்ரோவினுடையது 45 மி.மீ. எஃப் 1.7. 45 மி.மீ. என்ற குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் புகும் வட்டத்தின் குறுக்களவு முன்னதில் 16 மி.மீ., பின்னதில் 26 மி.மீ. என்று வரும். முன்கண்ணாடி இதற்குக் குறையாது. உங்கள் படத்தில் வளையத்துக்கு உள்ளே கருமையாகத் தெரியும் வட்டம் 13 புள்ளி, அதாவது 27, 28 மி.மீ. இது எலெக்ட்ரோவுக்குப் பொருந்துகிறது. ஆனால் சிறிய துளை உள்ள லென்ஸுக்கும் முன்கண்ணாடியைப் பெரிதாக வைக்கத் தடையில்லை, சுற்றியுள்ள கருப்பு விளிம்பும் கண்ணாடியோடு சேர்ந்து கருமையாகத் தெரியலாம். ஆகவே இந்த அளவை நான் துணைச் சாட்சியாக மட்டுமே வைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவும் செய்தபின் இன்னொரு கேமரா வழிமறித்தது. மினோல்டா ஹை-மேட்டிக் 7எஸ்: அதுவும் ஏறத்தாழ 14 செ.மீ. அகலம், அதற்கும் 55 மி.மீ. ஃபில்டர், லென்ஸ் 45 மி.மீ. எஃப் 1.8, வெள்ளி மேல்தட்டு, கருப்பு உடல். வீடியோவை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை. எலெக்ட்ரோவின் மேல்தட்டில் முன்பக்கமாக வெளிச்சம் அளக்கும் சிறிய வட்டக் கண் ஒன்று இருக்கும். மினோல்டாவில் அந்தக் கண் லென்ஸ் வளையத்துக்குள்ளேயே, கண்ணாடிக்கு மேலே இருக்கும். நேரில் பார்த்தால் எவரும் சொல்லிவிடலாம். ஆனால் உங்கள் படத்தில் அந்தக் கண் மூன்று நான்கு புள்ளிக்கு மேல் இருக்காது. அங்கே ஒரு கருப்புப் பொட்டு இருப்பது போலச் சில படங்களில் தெரிகிறது, வேறு சிலவற்றில் இல்லை. நாடாவின் இரைச்சலிலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல நான் தயாரில்லை.

இந்த இடத்தில் அம்மாவின் படம்தான் வழக்கைத் தீர்த்தது. நினைவிலிருந்து வரைந்த கோட்டுப் படத்தில் நீள அகலங்களை நம்பவே கூடாது. அம்மா வரைந்திருப்பதில் கேமரா கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கிறது, லென்ஸ் ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறது, பார்வைச் சாளரம் இடம்மாறியிருக்கிறது. பின்னால் நின்று பார்த்ததையும், மணையில் உட்கார்ந்து எதிரே பார்த்ததையும் கலந்து ஒரே முகத்தில் வரைவது மிக இயல்பானது. நம்பத்தக்கவை, கை பட்ட இடங்களும் "இப்படிச் செய்தால் இது நடக்கும்" என்ற நினைவுகளும். அம்மா மேல்பக்கத்தில் இரண்டு சிறிய பொட்டுகளை வைத்து ஒன்றில் "சிவப்பு", மற்றதில் "மஞ்சள்" என்று எழுதியிருக்கிறார். ஓரத்தில், "சிவப்பு எரிந்தால் உங்கப்பா வளையத்தைத் திருப்புவார், மஞ்சள் எரிந்தால் அசையாமல் இருங்கள் என்று கத்துவார்" என்று குறிப்பும் எழுதியிருக்கிறார். இதைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எலெக்ட்ரோ 35-இன் மேல்தட்டில் இரண்டு சிறு விளக்குகள் உண்டு. பொத்தானைப் பாதி அழுத்தும்போது, வெளிச்சம் மிதமிஞ்சி இருந்தால் சிவப்பு எரியும், அப்போது லென்ஸ் வளையத்தைத் திருப்பித் துளையைச் சுருக்க வேண்டும். ஷட்டர் முப்பதில் ஒரு விநாடியைவிட மெதுவாகப் போகும் என்றால் மஞ்சள் எரியும், அப்போது கேமராவும் அசையக் கூடாது, எதிரே இருப்பவர்களும் அசையக் கூடாது. அம்மாவுக்கு ஷட்டர் வேகம் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. விளக்கும் அதற்கு அப்பா செய்ததும் சரியாகப் பொருந்துகின்றன, இதைக் கற்பனையில் பொருத்துவது கடினம். பின்பக்கம் ஒரு பொத்தானை அமுக்கினால் பச்சை விளக்கு எரியும் என்று சொன்னதும் எலெக்ட்ரோவின் பேட்டரிச் சோதனைக்குப் பொருந்துகிறது. மினோல்டாவில் மேலே இந்த இரட்டை விளக்கு கிடையாது, அதில் சாளரத்துக்குள் ஒரு முள் ஆடும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. அம்மாவிடம் படம் வாங்குவதற்கு முன் நீங்கள் இணையத்தில் பார்த்த பழைய கேமராப் படங்கள் எதையாவது அவரிடம் காட்டினீர்களா? காட்டியிருந்தால் மேலே சொன்னதன் மதிப்புப் பாதியாகிவிடும், ஏனென்றால் பார்த்த படம் பழைய நினைவோடு கலந்துவிட்டால் பிறகு அவராலேயே பிரிக்க முடியாது. "சிவப்பு லைட் இருந்ததா அம்மா?" என்று கேட்பதும் அதே தவறுதான். இல்லாத விளக்கையும் அந்தக் கேள்வி எரியவைத்துவிடும். நான் வழக்கமாகச் செய்யச் சொல்வது இது: ஒரு சோப்புப் பெட்டியைக் கையில் கொடுத்து, அதைக் கேமராவாக நினைத்துக்கொண்டு ஒரு போட்டோ எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த விரல் எங்கே போகிறது, கட்டைவிரல் எதை இழுக்கிறது, கண் எப்போது மேலே பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள். பத்து நாள் கழித்து, முதல் படத்தைக் காட்டாமல், இன்னொரு முறை வரையச் சொல்லுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் வருவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, சந்தேகமான பகுதி. எலெக்ட்ரோ 35 என்பது ஒரே மாடல் அன்று. முதல் உருவம் 1966-இல் வந்தது, பின்னர் ஜி., 1970-இல் ஜி.எஸ்., 1973-இல் ஜி.எஸ்.என். என்று வரிசையாக வந்தன. கேமரா 1975 வாக்கில் வந்ததென்றால் எதையும் விலக்க முடியாது, பழையதும் கடையில் இருந்திருக்கலாம். வெளித்தோற்றத்தில் இவை ஏறத்தாழ ஒன்றே. கண்ணால் பார்த்துப் பிரிக்கக்கூடிய முக்கிய வேறுபாடு, மேலே ஃபிளாஷ் மாட்டும் காலணியில்தான் இருக்கிறது. ஜி.எஸ்.என். மாடலில் அந்தக் காலணிக்கு நடுவில் மின்தொடர்பு உண்டு, ஃபிளாஷைச் சொருகினால் போதும். அதற்கு முந்தையவற்றில் காலணி வெறும் பிடிமானம் மட்டுமே, ஃபிளாஷிலிருந்து ஒரு வயரை எடுத்துக் கேமராவின் உடலில் உள்ள துளையில் செருகினால்தான் எரியும்.

உங்கள் வீடியோவில் அப்பாவின் ஃபிளாஷ் ஒருமுறை எரிகிறது. 200 படங்களில் ஒரே ஒரு படத்தில் மட்டும் காட்சி முழுவதும் வெளுத்திருக்கிறது, அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை சாதாரணமாக இருக்கின்றன. மின்னணு ஃபிளாஷின் ஒளி ஆயிரத்தில் ஒரு விநாடிகூட நீடிக்காது, அதனால் அது ஓர் அரைப் படத்தில் மட்டும் விழும். நிறுத்திய முழுச் சட்டத்தில் இதைத்தான் நீங்கள் "வெள்ளைக் கோடு கோடாக ஒரு கோளாறு" என்று எழுதியிருந்தீர்கள். கல்யாணத்தில் போட்டோகிராஃபரின் ஃபிளாஷும் அடித்துக்கொண்டே இருக்கும் என்பதால், எரிந்தது யாருடையது என்று பார்க்க வேண்டும். அந்த வெளுத்த படத்தில் அப்பாவின் கேமராவுக்கு மேலே உள்ள செவ்வகமே சுற்றியுள்ள எதையும்விட வெண்மையாக வழிகிறது, அவர் சட்டையில் புது நிழல் எதுவும் விழவில்லை. வெளியிலிருந்து வந்த ஒளியென்றால் அவர்மேல்தான் விழுந்திருக்கும். ஆகவே எரிந்தது அவருடைய ஃபிளாஷ்தான்.

சரி, வயர் இருந்ததா? எனக்குத் தெரியவில்லை என்பதற்கும், இல்லை என்பதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. உங்கள் படத்தில் ஒரு மி.மீ.க்கு அரைப் புள்ளிதான் கிடைக்கிறது. மூன்று மி.மீ. வயர் ஒன்றரைப் புள்ளி அகலம் இருக்கும், அது நாடாவின் திறனுக்குக் கீழே போகிறது. ஆனால் வெள்ளைச் சட்டைக்கு முன்னால் கருப்பு வயர் தொங்கினால் முழுக் கருப்பாக இல்லாவிட்டாலும் சாம்பல் கோடாகவாவது தெரிய வேண்டும். இதைச் சோதிக்க, கிட்டத்தட்ட அதே தடிமனுள்ள வேறு எதாவது அதே படத்தில் தெரிகிறதா என்று பார்த்தேன். அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் காம்பு நீங்கள் அளந்தபடி நான்கு மி.மீ., அது கன்னத்தின்மேல் மெல்லிய கோடாகத் தெரிகிறது. காம்பு தெரிகிறதென்றால் சட்டைமேல் வயரும் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. எனவே ஜி.எஸ்.என். பக்கம் சாய்கிறேன். என்றாலும், குட்டையான சுருள் வயராக இருந்து அப்பாவின் கைக்குப் பின்னால் மறைந்திருந்தால் என் வாதம் கவிழ்ந்துவிடும், அவருடைய இடது உள்ளங்கை சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இதைத் தீர்க்க வீடியோவை இன்னும் தோண்டுவதில் பயனில்லை. வீட்டில் அந்தப் பழைய ஃபிளாஷ் மட்டும் தனியாக எங்காவது கிடக்கிறதா என்று தேடுங்கள். கேமரா போனாலும் ஃபிளாஷ் பரணில் தங்கிவிடுவது நான் அடிக்கடி பார்த்தது. அதன் அடிப்பாதத்தின் நடுவில் உலோகப் பொட்டு இருந்து, வயர் செருக இடமே இல்லையென்றால், அப்பாவின் கேமரா ஜி.எஸ்.என். என்று முடித்துவிடலாம். வயர் மட்டும்தான் உண்டு, பாதத்தில் பொட்டு இல்லை என்றால் எதுவும் தீராது, ஏனென்றால் ஜி.எஸ்.என்.னிலும் வயர்த் துளை உண்டு. கேமராவின் தோலுறை கிடைத்தால் அதையும் எடுத்து வையுங்கள். ஆனால் பிற்கால மாடலுக்கு முந்தையதன் உறை பொருந்தும் என்பதால் அது மாடல் எழுத்தைத் தீர்க்காது, யாஷிகாவா இல்லையா என்பதை மட்டும் தீர்க்கும்.

வாங்குவதைப் பொறுத்தவரை, ஜி.எஸ்., ஜி.எஸ்.என். இரண்டில் எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை வாங்கலாம், கையில் பிடிக்கும்போது எடையும் விளக்குகளும் ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலும் ஒன்றுபோலவே இருக்கும். இதற்கான 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. 6 வோல்ட் பேட்டரி ஒன்றை இடைவெளி நிரப்பும் துண்டோடு போட்டால் வேலை செய்யும். வாங்கும்போது நெம்புகோலை இழுத்துப் பாருங்கள், நல்ல நிலையில் உள்ள எலெக்ட்ரோவில் உள்ளே "டொக்" என்று ஒரு சத்தம் கேட்கும். உள்ளே இருக்கும் ஒரு சிறு ரப்பர்த் துண்டு உதிர்ந்துவிட்டால் அந்தச் சத்தம் போய்விடும், ஷட்டரும் கோளாறு செய்யும்.

அந்தச் சத்தத்தை வைத்து இன்னொரு சோதனையும் செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை என் கடைக்கு அழைத்து வாருங்கள், மாடிப்படி பதினான்குதான். என்னிடம் ஓர் எலெக்ட்ரோவும் ஒரு மினோல்டாவும் ஒரு கேனோனெட்டும் இருக்கின்றன. அவர் முதுகு காட்டி உட்காரட்டும், நான் மூன்றையும் மாற்றி மாற்றி இழுத்து அழுத்துகிறேன். எது அப்பாவினுடையது என்று அவர் சொல்லட்டும். வரிசையை நான் ஒரு சீட்டில் எழுதி வைத்திருப்பேன், நீங்கள்கூட அதை முன்கூட்டியே பார்க்கக் கூடாது.